செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் சபையோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஏழு முறை கூடியது. மூன்று முறை போதிய உறுப்பினர் வராமல் கலைந்தது. சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விளையாட்டுப் போட்டியும் வழக்கம்போல் நடந்தன.

கொடை விழாக்களில் பதிந்த 45 வில்லுப்பாட்டு கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை முடிந்தது. "எல்லாத்தையும் எம்பி3 ஆக்கிட்டா சின்ன பென் டிரைவிலேயே அடங்குமே, எதுக்கு இவ்வளவு செலவு?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். அதற்கு இங்கே பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

ஒரு மணி நேரப் பாட்டை சிடி தரத்தில் அப்படியே பதிந்தால் ஏறக்குறைய 635 எம்பி. 45 மணி நேரத்துக்கு 28 ஜிபிக்கு மேல். ஃப்ளாக் முறையில் சுருக்கியதும் அது 17 ஜிபி ஆனது. பழைய நாடாவின் இரைச்சலையும் அது ஒன்று விடாமல் காப்பதால் இதற்கு மேல் குறையவில்லை. ஆனால் விரித்தால் பதிந்த ஒலி ஒரு துளி மாறாமல் திரும்பக் கிடைக்கும். அசலுக்கான சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. `flac -t` கட்டளை கொடுத்தால் கோப்பு கெட்டிருப்பது தெரிந்துவிடும்.

128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் மொத்தமும் 2.6 ஜிபிதான். காதுக்கு எட்டாது என்று கணித்த ஒலிகளைத் தள்ளிவிட்டுத்தான் அந்த இடம் மிச்சமாகிறது. தள்ளியது திரும்ப வராது. எம்பி3-யை ஃப்ளாக் ஆக மாற்றினாலும் கோப்புதான் பெரிதாகும். முன்பு ஆறு கேசட்டுகளை மிகக் குறைந்த தரத்தில் எம்பி3 ஆக்கிவிட்டு நாடாவைத் தூக்கிப்போட்டிருக்கிறார்கள். அவற்றில் வில்லில் கட்டிய மணிகளின் ஓசை சரசரப்பாகக் கரைந்து கிடக்கிறது. உடுக்கை அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு மங்கல் ஒலி கேட்கிறது. அந்த ஆறும் நமக்கு இனி இல்லை. போனில் கேட்க விரும்புவோருக்கு ஃப்ளாக்கிலிருந்து எம்பி3 நகல் எடுத்துத் தருகிறேன். அசலாக அதை வைக்க முடியாது.

புகைப்படங்கள் 12 ஜிபி. ஜிப் செய்ததில் 100 எம்பிதான் குறைந்தது, ஏனென்றால் ஜேபெக் படம் ஏற்கெனவே சுருங்கியது. திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும் என்பதால் அவற்றைத் தொடாமல் வைத்துள்ளேன். தட்டச்சு செய்த பழைய தீர்மானங்கள் மட்டும் ஜிப்பில் கால்வாசியாகச் சுருங்கின.

வரவு செலவு ஏறத்தாழ சமம்; சிறு இருப்பு உண்டு, விவரம் பொருளாளரிடம். கேசட் பிளேயர் இரவல் தந்தவருக்கும், மின்சாரம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி.

23 பேர் இரண்டு ஆண்டாகச் சந்தா கட்டவில்லை. எல்லாக் கோப்பும் இப்போது ஒரே ஹார்ட் டிஸ்க்கில், மழையில் ஒழுகும் நம் அலுவலக அலமாரியில் இருக்கிறது. இன்னொரு டிஸ்க் வாங்கி வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். அந்த நிலுவை வந்தாலே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்