தூக்க மாத்திரை போட்டும் தூங்காத பாட்டி

ஆசிரியருக்கு,

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 78 வயதுப் பாட்டிக்கு இரவு 10 மணிக்கு 5 மில்லிகிராம் டயசிபாம். 1 மணிக்குப் போர்வையைப் பிடித்து இழுக்கிறார், மகளையே ‘யாரு நீ?’ என்கிறார். மருந்து பத்தவில்லையென்று இன்னொன்று கொடுப்பார்கள், தவறே அதுதான். மூளையில் நம்மைக் கட்டுப்படுத்தி வைக்கும் பகுதியும் சேர்ந்து மயங்குவதால் பயமும் குழப்பமும் அவிழ்கின்றன. முதுமையில் இம்மருந்து பாதியாகக் குறையவே மூன்று நாள் ஆகலாம். சளி சிரப் குடித்த குழந்தை சில சமயம் தூங்காமல் குதிப்பது வேறு வழியில் இதே கூத்து.

ஆள் அடையாளம் தெரிய விளக்கைப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுங்கள். அடிவயிறு உப்பியிருந்தால் சிறுநீர் அடைப்பும் இந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். மூச்சு மந்தமானால் உடனே 108.

மருந்தாளுநர்கள் சிலர்,
ராயபுரம், சென்னை