அப்பாவைத் தூங்கவிடாத மிஸ்ஸியின் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு தம்பி மனம் நொந்து எழுதியிருந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட அவருடைய அப்பாவை, ராத்திரி முழுக்கத் தாதிகள் அரை மணிக்கு ஒருமுறை எழுப்பினார்களாம். "உங்க பேர் என்ன? இது எந்த இடம்? என் விரலைப் பிடிங்க" என்று கேட்டு, கண்ணில் டார்ச் அடித்து, தாளில் ஏதோ புள்ளி வைத்துவிட்டுப் போனார்களாம். "நோயாளிக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய இடத்தில் இப்படித் தொல்லையா?" என்று கேட்டிருந்தார். பேராக்கில் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தவள். அந்தத் தாளில் எத்தனையோ ராத்திரி புள்ளி வைத்தவள் என்பதால் நானே பதில் எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் தோட்டத்தில் லயத்து வீடுகளில் இன்றும் யாரும் என்னைத் 'தாதி' என்று கூப்பிடுவதில்லை, 'மிஸ்ஸி'தான். மிஸ்ஸி எழுப்பினால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-இல் தொடங்கிவைத்த கணக்கு அது. இப்போதைய தாளில் கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. மூன்றையும் கூட்டினால் தெளிவாக இருப்பவருக்கு 15 வரும். எதற்குமே அசையாதவருக்குக்கூட 3 உண்டு, பூஜ்யம் என்று ஒன்று கிடையாது. தாளில் இதற்குக் கீழே கண்மணியின் அளவு, அது வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, இரண்டு கை இரண்டு கால்களின் பலம், பிபி, நாடி, மூச்சு என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும்.

எழுப்பாவிட்டால் என்ன ஆகும்? நான் ஒருமுறை எழுப்பவில்லை. அதைச் சொன்னால் தம்பிக்கு விளங்கும்.

பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். வேறொரு ஊரில், ஒரு ஆண்கள் வார்டில் நைட் டூட்டி. அன்று சாயங்காலம் 6 மணிக்கு ஒருவரை அட்மிட் செய்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும், செம்பனை பழம் வெட்டுகிறவர். குலை ஒன்று சரிந்து தலைக்கவசம் இல்லாத இடது பொட்டில் இடித்துவிட்டது. முழுதாக விளைந்த குலை இருபது கிலோவுக்கு மேல்கூட வரும். கூட இருந்தவர்கள், "ரெண்டு மூணு நிமிஷம் பேச்சு மூச்சில்லாமக் கிடந்தாரு, அப்புறம் எழுந்து உக்காந்துட்டாரு" என்றார்கள். வார்டுக்கு வந்தபோது நன்றாகப் பேசினார். 15-க்கு 15. கண்மணி இரண்டும் 3 மில்லிமீட்டர், டார்ச் பட்டதும் டக்கென்று சுருங்கின. பிபி 124/78, நாடி 84.

15 இருப்பவரை முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை. எட்டு மணி வரைக்கும் எல்லாம் 15. ஒன்பது மணிக்கும் 15 தான், ஆனால் தலைவலி கூடுகிறது என்றார். பாராசிட்டமால் கொடுத்தோம். பத்து மணிக்கு நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன் ஒருவர் நாற்காலியில் அசந்திருந்தார். பாவம், பகல் முழுக்க வெயிலில் வேலை செய்த உடம்பு என்று நினைத்தேன். பிபி, நாடி மட்டும் எடுத்துக்கொண்டு, மேல் கட்டங்களில் குறுக்கே 'தூக்கம்' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். பிபி 138/80, நாடி 72 என்று எழுதிய கை என்னுடையதுதான். முன்னே இருந்த எண்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

பதினொன்றுக்குப் போனேன். நல்ல குறட்டை. அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன மிஸ்ஸி, இவன் இப்படிக் குறட்டை விட்டதே கிடையாதே" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், உரக்கக் கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் சதையைப் பிடித்து மெல்ல ஆரம்பித்து அழுத்தினேன். கண் திறந்தது. "விடு... விடு... மரம்..." என்று சம்பந்தமில்லாமல் இரண்டு வார்த்தை. இடது கை மேலே வந்து என் விரலைத் தள்ளியது. வலது கை லேசாக மடங்கியதோடு சரி. கண் 2, பேச்சு 3, அசைவு 5. மொத்தம் 10.

அசைவுக்கு இருப்பதில் சிறந்த கையின் பதிலைத்தான் எழுத வேண்டும். இடது கை வலி இருக்கும் இடத்தைத் தேடி வந்ததால் 5. வலது கை தளர்ந்துபோனது இந்த எண்ணில் தெரியவே தெரியாது. கீழே கைகால் பலத்தைக் குறிக்கிற கட்டத்தில்தான் அது விழும். அதனால்தான் கூட்டுத் தொகையை மட்டும் பார்க்கும் டாக்டரும் தாதியும் ஏமாறுவார்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். டார்ச் அடித்தேன். இடது கண்மணி 5 மில்லிமீட்டர், சோம்பேறித்தனமாகச் சுருங்கியது. வலது 3. பிபி 160/84, நாடி 58.

இடது பொட்டெலும்புக்கு உள்ளே ஓடும் ரத்தக்குழாய் கிழிந்து, எலும்புக்கும் மூளையின் மேல்சவ்வுக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்துகொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பிறகு தெரிந்த விஷயம் இது. ரத்தம் மூளையின் இடது பாதியை அமுக்கினால் உடம்பின் வலது பக்கம் தளரும், அந்த இடது பக்கக் கண்மணிதான் பெரும்பாலும் முதலில் விரியும். நடுவில் மூன்று நான்கு மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு இப்படிச் சரிவது இந்த வகை ரத்தக்கட்டுக்கு வழக்கம்தான். பிபி ஏறி நாடி இறங்குவது கடைசிக் கட்டத்து அறிகுறி. அது வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

பக்கத்து அறையிலிருந்த சீனியர் தாதி வந்து, தானும் ஒருமுறை பார்த்துவிட்டு அதே 10 என்றார். இன்னொருவர் சரிபார்ப்பது நல்ல வழக்கம், ஆனால் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கக்கூடாது. நான் எம்.ஓ.வுக்குப் போன் அடித்தேன். "டாக்டர், 6-ஆம் கட்டில், இடது பொட்டில் அடிபட்டவர். ஒன்பது மணிக்கு 15, இப்போது 10. கண் 2, பேச்சு 3, அசைவு 5. வலது கை தளர்ச்சி. இடது கண்மணி 5, வலது 3. நாடி 84-இலிருந்து 58. உடனே வாருங்கள்." இதை ஏன் வரி வரியாக எழுதுகிறேன் என்றால், "டாக்டர், பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காரு" என்று சொன்னால் எந்த டாக்டரும் போர்வையை விலக்க மாட்டார். சொன்ன எண்களைக் கேட்டதும் மூன்றாம் நிமிடம் வந்துவிட்டார். மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆபரேஷன் ஆகி, ஆள் பிழைத்தார். வலது கையில் பிடி குறைந்துவிட்டது, இனி மரத்தடியில் கொக்கி தூக்க முடியாது. பத்து மணிக்கு நான் எழுப்பியிருந்தால் அந்தக் கை எப்படியிருந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் ஜூனியர்களிடம் சொல்வேன். 'தூக்கம்' என்பது மதிப்பெண் இல்லை. எழுப்பு, முழுதாக விழிக்கவிடு, பிறகு எழுது. நிஜத் தூக்கத்திலிருந்து எழுந்தவர் முனகுவார், திட்டுவார், ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சரியாகப் பதில் சொல்வார். நீ பேச்சை நிறுத்தியதும் கண் சொருகினால் அது தூக்கம் இல்லை. அரை மணி நேரம் ஒரே ஒரு புள்ளி குறைந்தே நின்றாலும் டாக்டரைக் கூப்பிடு, அசைவில் அந்த ஒரு புள்ளி என்றால் இன்னும் கவலைப்படு. அசைவில் இரண்டு, கண்ணிலோ பேச்சிலோ மூன்று என்று குறைந்தால் அரை மணியும் பார்க்காதே. மதிப்பெண் அப்படியே இருந்தாலும் சரி, கண்மணி ஒன்று பெரிதானால், ஒரு பக்கம் தளர்ந்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், சும்மா கிடந்தவர் திடீரென்று கட்டிலை விட்டு இறங்கி முரண்டு பிடித்தால் கூப்பிடு. முரண்டு பிடிப்பவரிடம் சம்சு வாடை வந்தால் "குடிகாரன், அப்படித்தான்" என்று சொல்லிவிடுவது ரொம்ப எளிது. குடித்தவனுக்கும் மண்டைக்குள் ரத்தம் கட்டும்.

பேச்சுக் கட்டத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. ஒரு பாட்டிக்கு மலாய்த் தாதி ஒருவர் பேச்சுக்கு 4 போட்டிருந்தார், அதாவது குழப்பம். இது என்ன மாதம் என்று மலாயில் கேட்டிருக்கிறார், பாட்டி 'தை' என்றிருக்கிறார். நான் போய்த் தமிழில் கேட்டால் தேதி, கிழமை, பேத்தி கல்யாணம் எல்லாம் ஒப்பித்துவிட்டார். பொங்கல் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதனால் தாளின் ஓரத்தில் எந்த மொழியில் கேட்டது என்று எழுதுங்கள். டூட்டி மாறும்போது இரண்டு பேரும் கட்டிலருகில் சேர்ந்து நின்று ஒருமுறை போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஆள் போட்ட 15-க்கும் இன்னொரு ஆள் போட்ட 14-க்கும் நடுவில் நோயாளி மாறினாரா, தாதி மாறினாரா என்று யாருக்கும் தெரியாது.

தம்பி சொன்னதில் ஒன்று மட்டும் நியாயம். ஒவ்வொரு தடவையும் வார்டு முழுக்க ட்யூப்லைட் போட்டதாக எழுதியிருந்தார். அது தேவையில்லை, கட்டில் தலைமாட்டு விளக்கும் டார்ச்சும் போதும், கண்மணி இருட்டில்தான் நன்றாகவும் தெரியும். அப்புறம், அப்பாவின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, அவர் குறட்டை வீட்டில் விடும் குறட்டை மாதிரி இல்லையென்றால் மிஸ்ஸி வரும்வரை காத்திருக்காதீர்கள், எழுந்து போய்ச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி,
பேராக்