விட்டுவிட்டு வீறிடும் குழந்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

கைக்குழந்தைகளின் அழுகை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பசி, வாயு, காதுவலி, எறும்புக்கடி என எல்லாம் இருந்தது, குடல் சொருகலைத் தவிர. குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அதனால் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

சட்டையின் முழுக்கை உள்வாங்கி மடிந்துகொள்வது போல, சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்துவிடுவதுதான் குடல் சொருகல். பெரும்பாலும் நான்கு முதல் பத்து மாதத்துக்குள், அதுவரை கொழுகொழுவென்று நன்றாக இருந்த குழந்தைக்குத்தான் வரும். பல குழந்தைகளுக்குச் சில நாள் முன்பு சளியோ வயிற்றுப்போக்கோ இருந்திருக்கும். அந்தத் தொற்றில் குடல்சுவரில் உள்ள நிணநீர்த் திசு வீங்கும். சாப்பாட்டைத் தள்ளும் அதே அசைவு, இந்த வீக்கத்தையும் முன்னே தள்ளிக்கொண்டு போய்விடும்.

குடல் இப்படி இறுகும்போதெல்லாம் வலி வரும். குழந்தை திடீரென்று வீறிடும், இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கும், முகம் வெளிறும். ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அப்புறம் பால்கூடக் குடிக்கும், சில குழந்தைகள் சிரிக்கவும் செய்யும். கால்மணி, இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அதே வீறல். வீட்டார் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். "வாயுதான், சரியாயிடுச்சு" என்று கிரைப் வாட்டர் கொடுப்பார்கள், அல்லது உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்ட அழைத்துப் போவார்கள். நேரம் போக, இடைவெளியில் குழந்தை விளையாடாது, துவண்டு தூங்கும். அழுகை குறைந்ததே என்று அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் நிலைமை மோசமாகிறது என்று பொருள். அபூர்வமாக, அழுகையே இல்லாமல் வெறும் சோர்வும் வாந்தியுமாக வரும் குழந்தைகளும் உண்டு.

எங்களிடம் வந்த ஒரு ஏழு மாத ஆண் குழந்தையைச் சொல்கிறேன். முந்தின வாரம் சளி. அன்று விடியற்காலை முதல் விட்டுவிட்டு அழுகை. காலையில் பால் வாந்தி, மதியம் உரம் எடுத்தார்கள், மாலை வாந்தி பச்சையாக வந்தது. இரவு டயப்பரில் சிவப்பு ஜெல்லி போல ரத்தமும் சளியும். பக்கத்தில் காட்டியபோது சீதபேதி என்று சிரப் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சீதபேதி என்றால் அடிக்கடி மலம் போகும், பெரும்பாலும் காய்ச்சலும் இருக்கும். இந்தக் குழந்தைக்கு மலமே அதிகம் போகவில்லை, வந்தது அந்த ஜெல்லி மட்டும்தான். சொருகிய குடலோடு அதன் ரத்தக்குழாய்களும் உள்ளே இழுபட்டு நசுங்கும். திரும்பிப் போக வழியில்லாத ரத்தம் தேங்கிக் கசிவதைத்தான் ஜெல்லியாகப் பார்க்கிறோம். ஆகவே அது தாமதமாகத் தெரியும் அறிகுறி. அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

மறுநாள் காலை எங்களிடம் வந்தபோது வயிறு உப்பி இறுகியிருந்தது. ஸ்கேனில் வட்டத்துக்குள் வட்டமாகச் சொருகல் தெரிந்தது. ஆபரேஷனில் பார்த்தால் குடலில் ஒரு பகுதி கறுத்து அழுகியிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

முந்தின நாள் மதியமே வந்திருந்தால் அநேகமாகக் கத்தியே வைக்க வேண்டியிருந்திருக்காது. ஆசனவாய் வழியாக ஒரு குழாயை வைத்து, சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சலைன் தண்ணீரை இறக்குவார்கள். சில இடங்களில் காற்றைச் செலுத்துவார்கள். அந்த அழுத்தத்தில் சொருகிய குடல் பின்வாங்குவதை ஸ்கேனிலேயே பார்க்கலாம். நேரத்தோடு வரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே போதும். குடல் அழுகியோ ஓட்டையாகியோ இருந்தால் இதைச் செய்ய முடியாது.

விட்டுவிட்டு அழுகையும் கூடவே வாந்தியும் வந்தால், ஸ்கேனும் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். வாந்தி பச்சையாக இருந்தால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். வழியில் பாலோ மருந்தோ கொடுக்காதீர்கள். டயப்பரைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போங்கள். அழுகை எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று சொன்னால் மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். சரியாகி வீடு திரும்பிய பிறகும் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு மறுபடி சொருகலாம். அதிலும் முதல் இரண்டு நாட்களில் கவனம் வேண்டும்.

அடுத்த இதழில் பாட்டி வைத்தியம் பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். உரம் எடுப்பதைத் தொடும்போது இதையும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.