வாட்ச் கண்ணாடி விரிசலைப் பார்த்ததும் வாரண்டியை மறுத்த சர்வீஸ் சென்டருக்கு ஒரு திறந்த மடல்

சர்வீஸ் சென்டர் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே 14, புதன்கிழமை காலை உங்கள் மதுரை சென்டருக்கு என் ஸ்மார்ட் வாட்சைக் கொண்டுவந்தேன். வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகிறது, ஒரு வருட வாரண்டி இருக்கிறது. கவுண்டரில் இருந்த தம்பி வாட்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி விட்டிருக்கேக்கா, விரிசல் இருந்தா வாரண்டி கிடையாதுக்கா" என்றார். ஜாப் ஷீட்டில் 'பிசிக்கல் டேமேஜ்' என்று எழுதி, டிஸ்ப்ளே மாற்ற 6,800 ரூபாய் என்று போட்டுக் கொடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஷீட்டில் எழுதியிருப்பது தவறு. என் வாட்ச் எங்கும் அடிபடவில்லை. உள்ளே பேட்டரி உப்பி, அது கண்ணாடியைத் தள்ளித்தான் விரிசல் விட்டது. அதை உங்களிடம் நேரில் சொன்னேன், யாரும் காது கொடுக்கவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். விடிகாலை மூன்று மணிக்கெல்லாம் கடையில் இருக்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, போன் அலாரம் அடித்தால் எழுந்துவிடும். கையில் அதிர்ந்து என்னை மட்டும் எழுப்பும் என்றுதான் இந்த வாட்சை வாங்கினேன். அதனால் அது தூங்கும்போதும் என் கையில்தான் இருக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் அலமாரியில் வைத்து, அதோடு வந்த சார்ஜரில்தான் சார்ஜ் போடுவேன்.

ஏப்ரல் நடுவில் முதல் மாற்றம் தெரிந்தது. இரண்டு நாள் தாங்கிய சார்ஜ் ஒரு நாளிலேயே தீர்ந்தது. சார்ஜ் போட்டு எடுத்தால் அடிப்பக்கம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. வெயில் காலம், அதனால்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் திரையின் வலது ஓரத்தில் தொட்டால் வேலை செய்யவில்லை. மே 3ஆம் தேதி ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: வலது பக்கம் கண்ணாடி சட்டத்தைவிட்டு எழும்பியிருந்தது. விசிட்டிங் கார்டின் முனையை வைத்துப் பார்த்தேன், இடைவெளிக்குள் போனது. இடது பக்கம் போகவில்லை. அதைப் படம் எடுத்து என் தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "சித்திரைத் திருவிழா முடியட்டும்க்கா, போய்க் காட்டுவோம்" என்றான். திருவிழா நாளில் எங்கள் மார்க்கெட்டில் மூச்சு விட நேரம் இருக்காது, நானும் சரி என்றுவிட்டேன்.

அந்தப் படத்தில் கண்ணாடி எழும்பியிருக்கிறது. ஆனால் ஒரு கீறல்கூட இல்லை. நாளும் நேரமும் படத்திலேயே இருக்கின்றன.

மே 10ஆம் தேதி, அழகர் ஆற்றில் இறங்க இரண்டு நாள் இருக்கும்போது, விடிகாலை எழுந்து பார்த்தால் விரிசல். வலது ஓரத்தில், எழும்பியிருந்த அதே இடத்தில் தொடங்கி, கொஞ்சம் வளைந்து மேல் ஓரத்தில் போய் முடிகிற ஒற்றைக் கோடு. இடைவெளியும் முன்பைவிடக் கூடியிருந்தது. அன்றைக்கே வாட்சைக் கழற்றிவிட்டேன்.

திருவிழா முடிந்ததும் உங்களிடம் வருவதற்கு முந்தைய நாள், டவுன்ஹால் ரோட்டில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, வாட்சை மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நகத்தைக் கோட்டின் மேல் ஓட்டினார். "அடிபட்ட கண்ணாடின்னா ஒரு இடத்துல புள்ளி விழுந்திருக்கும் தாயி. அங்கன கண்ணாடி நொறுங்கிச் சில்லு போயிருக்கும், அதுல இருந்துதான் நாலா பக்கமும் கோடு ஓடும். இதுல புள்ளியே இல்ல. சட்டத்துலயும் நசுங்கல் இல்ல. உள்ள இருந்து தள்ளியிருக்கு" என்றார். திறந்து பார்க்கச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டார். "நான் திறந்தா அதைக் காரணம் காட்டி வாரண்டி இல்லம்பாங்க. அவுகளையே உன் கண்ணு முன்னாடி திறக்கச் சொல்லு" என்றார். காசும் வாங்கவில்லை.

அவர் பார்த்ததைப் போல உங்கள் கவுண்டரில் யாராவது பார்த்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

நடந்தது எதுவும் புரியாத மர்மம் இல்லை. உங்கள் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாட்சுக்குள் இருப்பது மெல்லிய உறைக்குள் அடைத்த லித்தியம் பேட்டரி. அதற்குள் இருக்கும் திரவம் தயாரிப்புக் குறையாலோ, அளவுக்கு மீறிய சூட்டாலோ, மிகையான சார்ஜாலோ, வயதாகியோ சிதைந்தால் வாயு உண்டாகும். வாயு வெளியேற வழியில்லாமல் உறை தலையணை போல உப்பும். இந்த மாதிரி வாட்சில் அதற்கு மேலே திரை, அதைப் பிடித்திருப்பது ஓரத்தில் ஓடும் பசை மட்டும்தான். கீழே இருப்பதோ கெட்டியான உடம்பு. எனவே உப்பல் மேல்நோக்கித்தான் தள்ளும். முதலில் பசை ஒரு பக்கம் விடும், கண்ணாடி எழும்பும். இன்னும் தள்ளினால் பாதி ஒட்டியும் பாதி எழும்பியும் இருக்கிற கண்ணாடி வளைவு தாங்காமல் விரிசல் விட்டுவிடும். என் வாட்சில் சார்ஜ் குறைந்தது, சூடு ஏறியது, ஓரம் எழும்பியது, கடைசியில் விரிசல் வந்தது எல்லாம் இந்த வரிசையில்தான் நடந்தது. அடிபட்டு உடைந்திருந்தால் விரிசல்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

நீங்கள் ஒரு மறுப்புச் சொல்ல இடம் இருக்கிறது, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். வாட்ச் கீழே விழுந்து, அதனால் பேட்டரி உள்ளே அடிபட்டு, பிறகு உப்பியிருக்கலாம். அப்படியும் நடக்கும். ஆனால் அதற்கும் வெளியிலோ உள்ளேயோ ஒரு தடயம் வேண்டும்: சட்டத்தில் நசுங்கல், மூலையில் சிராய்ப்பு, பேட்டரியின் உறையில் மடிப்போ பள்ளமோ. வெளியில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். திறக்கவே திறக்காமல் 'பிசிக்கல் டேமேஜ்' என்று எப்படி எழுதினீர்கள்?

உங்கள் வாரண்டி அட்டையையும் படித்தேன். வெளியிலிருந்து நேரும் விபத்தால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை என்றுதான் அதில் இருக்கிறது. விரிசல் இருந்தாலே வாரண்டி இல்லை என்று எங்கும் இல்லை. பேட்டரி நாளாக ஆகச் சார்ஜ் தாங்காமல் போவதற்கு வாரண்டி கிடையாது, தயாரிப்புக் குறையால் பழுதானால் உண்டு என்றும் அதே அட்டை சொல்கிறது. ஆக, விரிசல் எதனால் வந்தது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை உங்கள் சென்டரில் யாரும் கேட்கவே இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் எனக்கு ஆறவில்லை. நீங்கள் கொடுத்த எஸ்டிமேட்டில் டிஸ்ப்ளே மட்டும்தான் இருக்கிறது, பேட்டரி இல்லை. நான் 6,800 ரூபாய் கொடுத்திருந்தால், உப்பிய அதே பேட்டரியின் மேல் புதுக் கண்ணாடியை வைத்து அழுத்தி ஒட்டிக் கொடுத்திருப்பீர்கள். அதுவும் எழும்பும், அதுவும் விரிசல் விடும். அப்போதும் 'பிசிக்கல் டேமேஜ்' என்றுதானே எழுதுவீர்கள்? என் அரை மாதச் சம்பளம் அது.

அடுத்தது பணத்தைவிடப் பெரியது. ஆன் ஆகிறதா என்று பார்க்க அந்தத் தம்பி வாட்சைச் சார்ஜரில் வைத்தார். பிறகு பாலித்தீன் கவரில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். உப்பிய லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது. தீப்பிடிக்கலாம். நான் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நிற்க இடமில்லாத டவுன் பஸ்ஸில் ஒத்தக்கடை வரை வந்தேன். அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை, வயசு இருபதுதான் இருக்கும். கண்ணாடி ஓரம் எழும்பிய வாட்ச் வந்தால் சார்ஜரைத் தொடக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது நீங்கள். ஒரு நாள் அது அவர் கையிலேயே வெடிக்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். வாட்சை என் முன்னிலையில் திறந்து, பேட்டரி எப்படி இருக்கிறது என்று படம் எடுங்கள். பார்த்ததை ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்து, அடிபட்ட தடயமும் இல்லையென்றால் வாரண்டியில் வாட்சை மாற்றித் தாருங்கள். அடிபட்ட தடயம் இருந்தால் அதை எனக்குக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொண்டு பணம் கட்டுகிறேன். அப்போதும் மறுப்பதானால், வாரண்டி அட்டையின் எந்த வரியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் வேண்டும்.

இந்தக் கடிதத்தின் பிரதியைப் பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவேன். அதிலும் தீரவில்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்ய முடியாத குறையென்றால், பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சோதனைச் செலவை முதலில் என்னைக் கட்டச் சொல்லலாம், கட்டத் தயாராக இருக்கிறேன். பில், வாரண்டி அட்டை, உங்கள் ஜாப் ஷீட், மே 3ஆம் தேதிப் படம், மே 10ஆம் தேதிப் படம் ஐந்தையும் ஒரே கவரில் வைத்திருக்கிறேன்.

வாட்ச் இப்போது கொல்லைப்புறப் படியில், மணல் போட்ட மண் சட்டிக்குள் இருக்கிறது. குழந்தை அந்தப் பக்கம் போகாமல் கதவைத் தாழிட்டு வைக்கிறோம். காலை பத்து மணிக்கு மேல் எனக்கு எந்த நாளும் தோதுதான். இந்த முறை பஸ்ஸில் கொண்டுவர மாட்டேன், என் தம்பியை வண்டியில் கூட்டிவரச் சொல்கிறேன். எந்த நாள் வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஒத்தக்கடை, மதுரை