முல்லைத் தீம்பாணி

மயிலாடுதுறை
ஞாயிறு மாலை

அன்புள்ள முத்து,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. நான் அறுவை செய்துகொண்டபோது மூன்றாம் நாளே குனிந்து தோட்ட வேலை பார்த்து வீட்டாரிடம் திட்டு வாங்கியது உனக்கு நினைவிருக்கும்.

பேத்தி மோகன ராகத்தில் கீதம் கற்கத் தொடங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதோடு, "முல்லைப்பண்தான் மோகனம் என்று அவளுடைய ஆசிரியர் சொல்கிறார், அதற்கு ஆதாரம் உண்டா?" என்றும் கேட்டிருந்தாய். நான்கு நாளாக அதே நினைவாக இருந்தேன். சிலப்பதிகாரத்தை எடுத்து ஆய்ச்சியர் குரவையை மறுபடி படித்தேன். ஆதாரம் உண்டு, முத்து. எதுவரை அது நம்மைத் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தக் காட்சி உனக்குத் தெரிந்ததுதான். மதுரையில் கோவலனுக்கு ஆபத்து நெருங்குகிறது. ஆயர்பாடியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்திக் குரவை ஆடச் செய்கிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களையே அவர்களுக்கு வைக்கிறாள். இன்று நாம் ச, ரி, க, ம, ப, த, நி என்று சொல்லும் அதே வரிசை. குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் நப்பின்னை என்று அடுத்து வருகிறது. பள்ளியில் இதைப் படித்தபோது வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிட்டோம்.

இப்போது இந்த அடிகளைப் பார். குரல் என்று பெயர் பெற்றவள் "தன் கிளையை நோக்கி", குருந்த மரத்தை ஒசித்த மாயவனைப் பாடுவோம், "முல்லைத் தீம்பாணி" என்கிறாள். உடனே,

"குரல்மந்த மாக இளிசம னாக
வரன்முறையே துத்தம் வலியா உரனிலா
மந்தம் விளரி பிடிப்பாள்"

என்று வருகிறது. கிளை என்றால் உறவு என்று நாம் பொருள் கொண்டோம். இசையில் அது ஒரு கலைச்சொல். நரம்பு என்றால் சுரம். நின்ற நரம்பையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவது நரம்பு அதற்குக் கிளை. குரலிலிருந்து எண்ணினால் ஐந்தாவது இளி, அதாவது ச-வுக்குப் ப. அவள் எதிரே நிற்கும் தோழியைப் பார்த்தாள் என்று நாம் படித்த இடத்தில், இளங்கோவடிகள் ஒரு சுரம் தன் பஞ்சமத்தை நோக்குவதைச் சொல்லியிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த மூன்று அடிகளிலும் அதே ஒழுங்கு தொடர்கிறது. குரல், இளி, துத்தம், விளரி. இளிக்கு ஐந்தாவது மேல் துத்தம், துத்தத்துக்கு ஐந்தாவது விளரி. ஒவ்வொன்றும் முந்தையதன் கிளை.

உன் வீட்டு ஆர்மோனியத்தில் பேத்தியோடு செய்து பார். கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணிக்கொள். ஒரு கட்டையை ச-வாக வைத்து, அதை விட்டு அடுத்த கட்டையை ஒன்று என்று எண்ணி ஏழாவது கட்டைக்குப் போனால் ப. அங்கிருந்து மறுபடி ஏழு போனால் மேல் ஸ்தாயி ரி. அதைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கிக்கொள். ரியிலிருந்து ஏழு போனால் த. தவிலிருந்து ஏழு போனால் மேல் ஸ்தாயி க. அதையும் இறக்கு. இப்போது கிடைத்த ஐந்தையும் வரிசைப்படுத்து: ச ரி க ப த. அவள் பாடிக்கொண்டிருக்கும் கீதத்தின் சுரங்கள் இவைதான், நான்கு ஏற்றமும் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு போனதால் வந்தவை. சிலப்பதிகார இசையை ஆராய்ந்த எஸ். ராமநாதன் முல்லைப்பண்ணை மோகனம் என்று கண்டது இந்த வழியில்தான் வலுப்பெறுகிறது.

இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த அடிகள் விளரியோடு நின்றுவிடுகின்றன. கைக்கிளையை அங்கே சொல்லவில்லை, நாம்தான் அதே வழியில் இன்னோர் அடி வைத்துக் கொள்கிறோம். ச, ப, ரி, த என்ற நான்கு மட்டும் கையில் இருந்தால், ஐந்தாவதாகக் காந்தாரம் சேர்த்தால் மோகனம், மத்தியமம் சேர்த்தால் சுத்த சாவேரி. அதே குரவையில் கொன்றையந் தீங்குழல், ஆம்பலந் தீங்குழல், முல்லையந் தீங்குழல் என்று மூன்று குழல்கள் வருகின்றன அல்லவா? அவற்றுள் ஒன்றைச் சுத்த சாவேரி என்று கொள்கிறவர்களும் உண்டு. மோகனத்தின் பஞ்சமத்தை ஆதாரமாக்கிப் பாடினால் சுத்த சாவேரி வந்துவிடும், ஆகவே அதுவும் பொருந்தாத எண்ணமில்லை. கிளையைத் தொடர்ந்து போவதே இயல்பு என்பதால் நான் மோகனத்தின் பக்கம் நிற்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெயர்களில் இருக்கிறது. முல்லை நிலத்துப் பண்ணுக்குச் சாதாரி என்று பெயர் சொல்கின்றன இலக்கண நூல்கள். தேவாரத்திலும் சாதாரிப் பண் இருக்கிறது. போன மாதம் இங்கே கோயிலில் ஓதுவார் ஒருவர் சாதாரிப் பதிகம் பாடக் கேட்டேன். அது பந்துவராளி! மோகனத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று பேத்தியைக் கேள். அதே பெயர், இசை வேறு. தக்கராகம், தக்கேசி இரண்டையும் இன்று காம்போதியில்தான் பாடுகிறார்கள். பெயர் தனித்தனியாக இருந்த இரண்டு பண்கள் ஒரு காலத்தில் ஒன்றாகவே ஒலித்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. நம்பியாண்டார் நம்பி காலத்தில் தேவார ஏடுகள் கிடைத்தபோதே பண் மறைந்திருந்தது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அடைத்தார்கள் என்று திருமுறை கண்ட புராணமே சொல்கிறது. ஆகவே ஓதுவார் பாடுவதை நான் வணங்கிக் கேட்கிறேன், அதை வைத்துச் சங்க காலத்துக்கு நேர்கோடு போட மட்டும் அஞ்சுகிறேன்.

ஆர்மோனியத்தில் நமக்குக் கிடைத்தது சுரங்களின் வரிசை மட்டும். மோகனத்தின் காந்தாரத்தை எப்படி அசைக்கிறோம், தைவதத்தில் எங்கே நிற்கிறோம் என்பதில்தான் ராகம் இருக்கிறது. மாதரியின் பெண்கள் அந்தக் கைக்கிளையை எப்படிப் பிடித்தார்கள் என்பது ஏட்டில் ஏறவில்லை.

பாணர்களுக்கு நேரக் கணக்கும் இருந்தது. புறநானூற்றின் 149ஆம் பாட்டில் வன்பரணர் வள்ளல் நள்ளியைப் பார்த்துச் சொல்கிறார்: உன் கொடையில் மயங்கி எங்கள் கூட்டத்தார் மாலையில் மருதமும் காலையில் செவ்வழியும் பாடி முறையை மறந்துவிட்டார்கள். வயிறு நிறைந்தவர்களின் மறதி அது. மருதத்துக்குக் காலை, செவ்வழிக்கு மாலை என்று கேட்பவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தால்தானே இந்தப் பாராட்டு பாராட்டாகும்? இதைப் படிக்கும்போதெல்லாம் என் தாத்தா சாயங்காலத்தில் யாராவது பூபாளம் முணுமுணுத்தால் முகம் சுளிப்பது கண்ணில் வருகிறது.

பேத்தியிடம் அந்த ஏழு கட்டைக் கணக்கை அவளே எண்ணிப் பார்க்கச் சொல், நீ முந்திக்கொண்டு விடை சொல்லாதே. தையில் ஊருக்கு வரும்போது அவளையும் அழைத்து வா. சுருதிப் பெட்டியைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன், ஐந்தரைக் கட்டை இப்போது சுத்தமாகப் பேசுகிறது.

அன்புடன்,
சுந்தரம்