குளுக்கோஸ் பாட்டிலில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் முதியோர் நலக் கட்டுரையில், நோய் ஆதரவு சிகிச்சை என்றால் 'மருந்தையெல்லாம் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவது' என்று ஒரு வரி இருந்தது. போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் தருவது என்றும் நினைத்திருந்தேன். உண்மையில் அது, கடும் நோயில் வலி, மூச்சுத்திணறல் போன்ற தவிப்பைக் குறைத்துப் பார்த்துக்கொள்வது.

அம்மாவுக்கு 91 வயது. காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் எங்களோடு இருந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, இரண்டு காலும் வீக்கம். சோறு குறைந்து இரண்டு வாய் என்று ஆனதும் ஊரே சொன்னது, "ரெண்டு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்துனா தெம்பாயிருவாங்க". உள்ளூரில் ஒருவரைக் கூப்பிட்டு ஏற்றினோம். அன்று ராத்திரி அம்மாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார வைத்தால் கொஞ்சம் தணிந்தது, கூடவே இருமல். பலவீனமான இதயத்தால் அவ்வளவு நீரைத் தள்ள முடியாமல் அது நுரையீரலில் தேங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடி, நீர் பிரிய ஊசி போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

அதற்கப்புறம்தான் ஆதரவு சிகிச்சை செவிலியர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அவர் போட்டுக் காட்டிய கணக்கு இது. அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். சலைன் பாட்டில் என்றால் நாலரை கிராம் உப்பு. "இதுல எங்கீங்ண்ணா தெம்பு இருக்குது?" என்றார். நீர் வற்றிப்போனவருக்கு, வாந்தி பேதியில் துவண்டவருக்கு ட்ரிப்ஸ் உயிர் காக்கும். எங்கம்மா கதை வேறு.

மருந்தை அவர்கள் நிறுத்தவில்லை. டாக்டர் பார்த்து, இனி பலன் தராத கொழுப்பு மாத்திரையை எடுத்துவிட்டார். வீக்கத்துக்கான நீர் மாத்திரை தொடர்ந்தது. அதை நிறுத்தினால் மூச்சு முட்டும், அப்புறம் என்ன ஆதரவு? மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் எழுதியபோதுதான் வீட்டில் சண்டை. "மயக்க மருந்து குடுத்து முடிச்சுருவாங்க" என்றார் மாமா. சிறிய அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கொடுத்தால் அது மூச்சுத் தவிப்பைத்தான் அடக்கும், சாவை இழுத்து வராது. முதல் இரண்டு நாள் அம்மா தூங்கித் தூங்கி விழுந்தார், பிறகு தெளிந்துவிட்டார். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மருந்து உடம்பில் தங்கிவிடும். எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம், மூச்சு மிகவும் மெதுவாவது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, இதில் எது வந்தாலும் அடுத்த வேளை கொடுக்காமல் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் அதற்கும் முதல் நாளே மருந்து.

ஐந்து மாதம் அப்படிப் போனது. நடுவில் ஒருநாள் அரிசீம்பருப்புச் சோறு வேண்டும் என்றார், குழைத்து மூன்று ஸ்பூன் சாப்பிட்டார். கடைசி வாரம் வாயே திறக்கவில்லை. மாமா வந்து, "ஏப்பா, பெத்தவளப் பட்டினி போட்டா கொல்றீங்க?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. செவிலியர்தான் பொறுமையாகச் சொன்னார்: "சாப்பிடாததால போகலைங்க. போற காலம் வந்ததால சாப்பாடு வேண்டாங்குது ஒடம்பு." மூக்கு வழியாகக் குழாய் போடலாமே என்றதற்கு, இந்த நிலையில் அதனால் ஆயுசு நீளாது, கஞ்சி மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்தும் போகாது என்றார்.

தாகம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வாய் காய்வதுதானாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நனைத்துப் பிழிந்த துணியால் நாக்கையும் ஈறையும் துடைத்து, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவினோம். அதே நேரக் கணக்கில் புரட்டியும் படுக்க வைத்தோம், புண் வரவில்லை. இதையெல்லாம் செய்தது பெரும்பாலும் என் மனைவிதான், அதையும் எழுதிவிடுகிறேன்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த வீட்டுச் சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். கட்டுரையில் அதையும் சேர்த்திருக்கலாம்.

கடைசி நாள் சொந்தமெல்லாம் பால் ஊற்ற டம்ளரோடு நின்றது. விழுங்க முடியாதவர் வாயில் ஊற்றினால் புரையேறித் தவிப்பார் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்தார். ஆளுக்கொரு விரலைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு வைத்தோம். முதலில் தொட்டது மாமாதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காங்கேயம்