நாளைய வரிக்கு இன்றே சேமிக்கிறோமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசின் நிதிப் பற்றாக்குறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு வரியைக் குறைத்து அந்த இடத்தைக் கடனால் நிரப்பினால், பின்னால் அதே கடனுக்காக வரி ஏறும் என்பது மக்களுக்குத் தெரியும். அதனால் கையில் மிஞ்சும் பணத்தைச் செலவழிக்காமல் எடுத்து வைத்துவிடுவார்கள். ஆகவே பற்றாக்குறையால் பொருளாதாரத்தில் ஒன்றும் மாறாது. இதுதான் கட்டுரையின் சாரம். இதை அந்தக் கால ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ நிரூபித்துவிட்டார் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் நகைக்கடன் கவுண்டரில் போனது. அங்கே உட்கார்ந்து பார்த்தவனுக்கு இந்த வாதம் ஒரு இடத்தில் நெருடுகிறது. அதைச் சொல்லவே இக்கடிதம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கணக்காகப் பார்த்தால் வாதத்தில் பிழை இல்லை. என் வரியில் இந்த வருடம் 10,000 ரூபாய் குறைகிறது. அரசு அந்தத் தொகையை 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறது. அடுத்த வருடம் என்னிடம் 10,700 ரூபாய் கூடுதல் வரி கேட்கிறது. நான் அந்தப் பத்தாயிரத்தை அதே 7 சதவீதத்துக்குப் போட்டு வைத்திருந்தால் சரியாக 10,700 இருக்கும். எடுத்துக் கட்டிவிடுவேன். எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அரசு எவ்வளவு கூடுதலாகக் கடன் வாங்கியதோ அவ்வளவு நான் கூடுதலாகச் சேமித்திருப்பேன். கடன் சந்தையில் வட்டி ஏறவும் காரணம் இல்லை, கடையில் வியாபாரம் கூடவும் காரணம் இல்லை.

ரிக்கார்டோ 1820-இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில் இதே கணக்கைப் போடுகிறார். போருக்கு 2 கோடி பவுண்டு வேண்டும். மக்களிடம் ஒரேயடியாக வாங்கலாம். அல்லது 5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி, வருடம் 10 லட்சம் பவுண்டு வட்டிக்கு மட்டும் காலாகாலத்துக்கும் வரி போடலாம். இரண்டின் பாரமும் ஒன்றுதான் என்கிறார். ஆனால் கட்டுரையாளர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது. அதற்கு அடுத்து ரிக்கார்டோ சொல்வது நேர் எதிர்: வரி கட்டுகிறவர்கள் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை, அதனால் தங்கள் குடும்பச் செலவை அதற்கேற்ப நடத்துவதுமில்லை. 20,000 பவுண்டு சொத்துள்ள ஒருவரிடம் போய், வருடத்துக்கு 50 பவுண்டு என்றென்றைக்கும் கட்டுவதும் இப்போதே 1,000 பவுண்டு கட்டுவதும் ஒன்றுதான் என்று நம்பவைப்பது கஷ்டம் என்கிறார். 1,000 பவுண்டு கேட்டால் அந்த மனிதர் செலவைச் சுருக்கி அந்தத் தொகையைத் தேற்றப் பார்ப்பார். 50 பவுண்டு கேட்டால் அந்த 50-க்கு மட்டும் வழி பார்த்துவிட்டு, முன்பு இருந்த அதே பணக்காரராகத் தன்னை நினைத்துக்கொள்வார். மீதியை வருங்காலச் சந்ததி கட்டிக்கொள்ளும் என்று மங்கலாக ஒரு நினைப்பு. அரசுக்குக் கடன் திரட்டிக் கொடுத்தே பெரும் சொத்துச் சேர்த்த பங்குத் தரகர் ரிக்கார்டோ. கடன் மக்களின் சிக்கனத்தைக் கெடுக்கிறது என்று அவரே சொல்லும்போது நாம் கொஞ்சம் காது கொடுக்கலாம்.

வாதத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ராபர்ட் பாரோ, 1974-இல். இதற்கு ரிக்கார்டோவின் பெயரை ஒட்டவைத்தவர் இன்னொரு அமெரிக்க நிபுணர் ஜேம்ஸ் புக்கானன், 1976-இல். தான் நம்பாத ஒரு முடிவுக்குப் பெயர்தாங்கியாகிவிட்டார் ரிக்கார்டோ. வரி வருவதற்குள் நான் செத்துப்போனால் எனக்கென்ன என்று கேட்பவருக்குப் பாரோ சொல்லும் பதில், பிள்ளைகள். வரி அவர்கள் தலையில் விழும் என்று தெரிந்து, பெற்றோர் அந்த அளவுக்குக் கூடுதலாக விட்டுச் செல்வார்கள் என்கிறார். விட்டுச் செல்லச் சொத்து இருப்பவர்களுக்கு, அதுவும் வரியை மனதில் வைத்துச் சொத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பவர்களுக்கு இது பொருந்தும். பிள்ளை இல்லாதவருக்கும், விட்டுச் செல்ல எதுவும் இல்லாதவருக்கும் பொருந்தாது.

ஆனால் நான் சொல்ல வந்தது பிள்ளைகளைப் பற்றி இல்லை. வட்டியைப் பற்றி.

மேலே போட்ட கணக்கில் நான் ஒரு சௌகரியம் செய்துகொண்டேன். அரசுக்கும் எனக்கும் ஒரே வட்டி என்று வைத்துக்கொண்டேன். ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் உள்ள எனக்கு அது ஏறக்குறைய உண்மை. இப்போது ஒரு தனியார் கம்பெனி சூப்பர்வைசரை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள். தங்கை கல்யாணத்துக்கு வெளியில் இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். இவருக்கும் வரியில் 10,000 ரூபாய் குறைகிறது. அதைக் கடனில் கட்டினால் ஒரு வருடத்தில் 2,400 ரூபாய் வட்டி மிச்சம். அடுத்த வருடம் அரசு கேட்பது 10,700. அசலை விட 700 மட்டும் கூடுதல். ஆக இவருக்கு 1,700 ரூபாய் நிகர லாபம். நடந்தது என்ன? 24 சதவீதத்துக்கு மட்டுமே கடன் கிடைக்கும் ஒருவருக்கு, அரசு தன் பெயரைச் சொல்லி 7 சதவீதத்துக்குக் கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

இன்னொருவருக்கு எந்த வட்டிக்கும் கடன் கிடைக்காது என்று வையுங்கள். அடகு வைக்க நகையும் இல்லை. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், கூரை ஒழுகுகிறது. அவர் கைக்கு வரும் பத்தாயிரம் அன்றே செலவாகும். நாளைக்கு வரி வரும் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் செலவு செய்கிறார். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மக்களுக்குத் தொலைநோக்கு இல்லை, அதனால்தான் இந்தத் தத்துவம் பலிக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கவுண்டரில் நான் பார்த்தவர்கள் மீட்பு தேதியை விரல்நுனியில் வைத்திருந்தவர்கள். அவர்களுக்குக் குறைவாக இருந்தது பணம், புத்தி இல்லை.

சரி, நடைமுறையில் இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? அமெரிக்காவில் 1992-இல் கிட்டத்தட்ட ஆய்வுக்கூடத்தில் செய்தது போல ஒரு சோதனை நடந்தது. பொருளாதாரம் மந்தமாக இருந்தது, அது தேர்தல் ஆண்டும் கூட. அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வருமான வரியைக் குறைக்கச் சொன்னார். கவனியுங்கள், வரி குறையவில்லை. பிடித்தம் மட்டும் குறைந்தது. மார்ச் முதல் பலருக்கு மாதம் 29 டாலர் வரை கூடுதலாகக் கையில் வந்தது. பத்து மாதத்துக்கு 290 டாலர் என்று கொள்ளலாம். அடுத்த வருடம் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதே 290 டாலர் திரும்பி வரும் தொகையில் குறையும், அல்லது கூடுதலாகக் கட்ட வேண்டும். இங்கே சந்ததி இல்லை, சாவு இல்லை, யார் கட்டுவார்கள் என்ற குழப்பமும் இல்லை. அதே ஆள், அதே தொகை, ஒரு வருட இடைவெளி. இந்தத் தத்துவம் எங்கேயாவது பலிக்க வேண்டுமென்றால் இங்கேதான் பலித்திருக்க வேண்டும். மேத்யூ ஷாபிரோ, ஜோயல் ஸ்லெம்ராட் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் மக்களிடமே கேட்டார்கள். கூடுதல் பணத்தில் பெரும்பகுதியைச் செலவழிப்போம் என்று 43 சதவீதம் பேர் சொன்னார்கள்.

இது வாயால் சொன்ன பதில்தானே, செய்தார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு 2001-இல் அதே நாட்டில் தனிநபருக்கு 300 டாலர் வரையும் தம்பதிக்கு 600 டாலர் வரையும் அனுப்பிய வரித் தள்ளுபடிக் காசோலைகள் உதவுகின்றன. எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்ப முடியாததால், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை வைத்து வரிசை போட்டார்கள். அந்த இலக்கங்களுக்கும் ஒருவரின் வசதிக்கும் சம்பந்தமில்லை. எனவே முன்னால் வாங்கியவர் செலவையும் பின்னால் வாங்கியவர் செலவையும் ஒப்பிட்டால், காசோலையின் விளைவு தனியாகத் தெரியும். அப்படிப் பார்த்ததில், வந்த மூன்று மாதத்திலும் அடுத்த மூன்று மாதத்திலுமாகச் சேர்த்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அன்றாடச் செலவுகளுக்குப் போயிருந்தது. கையிருப்பு குறைந்த, வருமானம் குறைந்த குடும்பங்களில் இது இன்னும் அதிகம். அந்த சூப்பர்வைசர் விஷயத்தில் நாம் எதிர்பார்ப்பதும் அதுதான்.

எதிர்த்தரப்புக்கும் சாட்சி உண்டு, மறைக்க விரும்பவில்லை. பாரோ இஸ்ரேலைக் காட்டுகிறார். அங்கே 1984-இல் பற்றாக்குறை பெருத்தபோது தனியார் சேமிப்பும் தேசிய வருமானத்தில் 17 சதவீதத்திலிருந்து 26 சதவீதத்துக்கு ஏறியது. 1985-இல் பற்றாக்குறையைச் சுருக்கியதும் சேமிப்பும் இறங்கியது. தத்துவம் சொல்கிறபடியேதான். ஆனால் 1984-இல் அங்கே விலைவாசி ஏற்றம் வருடத்துக்கு 400 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு குடும்பம் பணத்தைப் பதுக்கினால், நாளைய வரிக்காகப் பதுக்கியதா, நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் பதுக்கியதா? நாட்டின் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்து அதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். வரி குறைந்தால் நானும் அதை வைப்புத்தொகையில்தான் போடுவேன். புள்ளிவிவரத்தில் நான் ரிக்கார்டோவின் ஆளாகத் தெரிவேன். உண்மையில் அந்தப் பணத்துக்கு வேறு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம், கட்டுரையில் இன்னொரு சறுக்கல். பாலம் கட்ட அரசு கடன் வாங்கினாலும் அதே அளவு மக்கள் சேமிப்பார்கள், அதனால் பாலத்தாலும் பயனில்லை என்ற தொனியில் ஒரு பத்தி இருந்தது. பாரோவின் வாதமே அதைச் சொல்லவில்லை. அரசு செய்யும் செலவு இவ்வளவு என்று முடிவான பிறகு, அதற்கான பணத்தை இன்றைய வரியாக வாங்குவதா, கடனாக வாங்கி நாளைய வரியாக வாங்குவதா என்பதில் மட்டும்தான் வித்தியாசம் இல்லை என்கிறது அது. பாலம் கட்டலாமா, வேண்டாமா என்பது வேறு கேள்வி. அதற்கு எத்தனை வண்டி போகும், எவ்வளவு டீசல் மிச்சம், கான்ட்ராக்டர் எத்தனை சிமெண்டு மூட்டை போட்டார் என்றுதான் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துக் கட்டுரையாளர் அடுத்த இதழில் ஒரு விளக்கம் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்